ஏழு மணி ஆறாகும்போது

ஜூனில் பள்ளி திறந்த வாரம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவரிடம், "அக்கா, நாளையிலேர்ந்து ஆறு மணிக்கே வந்துடுங்க" என்றேன். "சரிம்மா" என்றார். நான்கு நாள் வந்தார். ஐந்தாம் நாள் ஆறே முக்கால், ஆறாம் நாள் லீவு. அந்தச் "சரி" சம்மதம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாசலில் நிற்கிறவர் வேறு என்ன சொல்லிவிட முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காபி போட்டு உட்காரவைத்து, என் தேவையைச் சொல்வதற்கு முன் அவருடைய காலையைக் கேட்டேன். வீடு கண்ணகி நகரில். ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆறேகாலுக்கு மகளிர் இலவச பஸ். எங்கள் வீட்டில் ஏழிலிருந்து எட்டரை, அடுத்த வீட்டில் எட்டே முக்கால், அதற்கடுத்தது பத்தரை. ஆறு மணிக்கு வர வேண்டுமென்றால் தண்ணீரை விட வேண்டும், இலவச பஸ்ஸை விட்டு ஷேர் ஆட்டோவுக்கும் காசு கொடுக்க வேண்டும். எங்கள் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் மாடிப்படியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான் நகர்த்தியது ஒரு மணி நேரம். நகர்ந்தது அவருடைய முழுக் காலையும்.

பிறகு அவரே கேட்டார்: "ஆறு மணிக்கு உங்களுக்கு என்னம்மா வேணும்?" யோசித்தால், டிபன் டப்பா கட்ட ஒரு குக்கரும் இரண்டு பாத்திரமும் சுத்தமாக இருந்தால் போதும். அதை ராத்திரியே நான் கழுவி வைத்துவிடுகிறேன். அவர் பழையபடி ஏழு மணிக்கே வருகிறார்.

மூன்று மாதம் கழித்து மாமியார் எங்களோடு வந்து தங்கினார். இந்த முறை "அவங்க துணியையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று மொட்டையாகச் சொல்லவில்லை. அந்தக் "கொஞ்சம்"தான் பிறகு மனஸ்தாபமாகிறது. தேதிக்குப் பத்து நாள் முன்பே, கூடும் வேலை என்னவென்று பிரித்துச் சொன்னேன்: துணி அலசிக் காயப்போடுவது, அவர் அறையைத் துடைப்பது. தினம் அரை மணி கூடும் என்று அவரே கணக்குச் சொன்னார். மாதம் 26 நாள், தினம் ஒன்றரை மணி. அதாவது 39 மணி நேரத்துக்கு 3,000 ரூபாய், மணிக்குச் சுமார் 77. கூடுவது 13 மணி நேரம். "ஆயிரம் சேர்த்துத் தரேன். முடியாதுன்னா தயங்காம சொல்லுங்க, இப்போ இருக்கிற வேலை அப்படியே இருக்கும்" என்றேன். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் கேட்பவருக்கு அது கேள்வியாகவே படாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் தலையாட்டிவிடுவார்.

அவர் உடனே சரி சொல்லவில்லை. "அறை துடைக்கிறேன். துணி மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெச்சுக்கலாமா?" என்றார்.

வைத்துக்கொண்டோம். ஆயிரத்தைக் குறைக்கவில்லை.