பெட்டிக்குள் என்ன? – 9: 25 டாலர் எழுத்து

i5-12400 என்பதில் 12 தலைமுறை, 400 தரவரிசை என்று சென்ற வாரம் பார்த்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் வால் எழுத்துகள் எல்லாவற்றையும் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். எஃப் ஒன்றே பக்கத்தைத் தின்றுவிட்டது.

எஃப் என்று முடியும் இன்டெல் சிப்பிலிருந்து திரைக்குப் படம் வராது. மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும். ஒயரைச் செருகினால் திரை கறுப்பாகவே கிடக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம். இதில் வேடிக்கை, படம் காட்டும் பகுதி அந்தச் சிப்புக்குள் இல்லாமல் இல்லை. செயல்படாதபடி அணைத்து விற்கிறார்கள். அந்தப் பகுதி மட்டும் பழுதான சிப்பைக் குப்பையில் போடாமல் காசாக்க இது நல்ல வழி.

எஃப் வரிசை 2019 ஜனவரியில் வந்தது. இன்டெல்லுக்கு அப்போது சிப் தட்டுப்பாடு. அதனால்தானோ என்னவோ, படம் காட்டாத சிப்புக்கும் காட்டும் சிப்புக்கும் ஒரே பட்டியல் விலை போட்டார்கள்! அக்டோபரில்தான் குறைத்தார்கள். எவ்வளவு? 488 டாலர் i9-9900KF 463 ஆனது. 182 டாலர் i5-9400F 157 ஆனது. 122 டாலர் i3-9100F 97 ஆனது. பெரியதோ சிறியதோ, எல்லாவற்றிலும் 25 டாலர். 2022-இல் வந்த i5-12400-க்கு 192, எஃப் வால் ஒட்டியதற்கு 167. மறுபடி 25! பழைய பட்டியல்களைப் புரட்டப் புரட்ட இதே 25 வந்துகொண்டிருந்தது. அன்றைய மதிப்பில் 2000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நம் கடைகளில் வித்தியாசம் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஆனாலும் பேரம் ஏறக்குறைய இந்தத் தொகைக்குத்தான்.

நாசரேத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் இந்தப் பேரத்தில் இறங்கினார். i5-12400F வாங்கி, படம் வந்தால் போதும் என்று ஜிடி 710 கார்டு ஒன்றைப் போட்டார். புதிதாக வாங்கிய அந்தக் கார்டே மிச்சம் பிடித்த காசை விழுங்கிவிட்டது. லெந்து நாட்களில் கோயிலில் கல்யாணம் கிடையாது; ஈஸ்டர் முடிந்ததும் வரிசைகட்டி வரும். அந்த நெரிசலில் ஒருநாள் போன்: “அண்ணாச்சி, டிஸ்ப்ளே வரலை.” மதர்போர்டில் VGA என்ற எழுத்தருகே சின்ன விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எரிந்தது. போனது கார்டா, போர்டின் ஸ்லாட்டா? எஃப் இல்லாத சிப் என்றால் கார்டைக் கழற்றி, ஒயரை மதர்போர்டில் செருகி ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம், வேலையும் ஓடும். இவர் இன்னொரு கார்டை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துத்தான், போனது கார்டு என்று கண்டுபிடித்தார்.

அது போகட்டும் என்று ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினார். அப்போதும் கேமராவின் எச்.265, 10 பிட், 4:2:2 கோப்புகள் டைம்லைனில் திக்கித் திணறின. கார்டு சின்னதாக இருந்ததால் வந்த சிக்கல் இல்லை இது. என்விடியா கார்டுகளில் இந்த 4:2:2 வகையை ஹார்டுவேரிலேயே பிரிக்கும் வசதி 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல்லிலோ 11-ஆம் தலைமுறை முதலே, சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அதைச் செய்கிறது. பிரீமியர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். 25 டாலருக்காகத் தம்பி விட்டுக்கொடுத்தது அதைத்தான்.

எஃப் இல்லாத சிப்போடு தனிக் கார்டும் வைத்திருப்பவர்கள் ஒன்று பாருங்கள். கார்டு செருகியதும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸை உறங்க வைத்துவிடும். பயாஸில் iGPU Multi-Monitor அல்லது IGD Multi-Monitor என்பதை Enabled ஆக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் GPU 0, GPU 1 என இரண்டு தெரிந்தால் விழித்துவிட்டது.

ஏஎம்டி பக்கம் கதை வேறு. ரைசன் 5 5600-க்கு வாலே கிடையாது, படமும் கிடையாது. படம் வேண்டுமானால் 5600G. அடுத்து வந்த 7600-இல் வால் இல்லை, படம் உண்டு, 7500F-இல் இல்லை. பெயரை நம்பாமல் பெட்டியிலோ ஏஎம்டி தளத்திலோ கிராஃபிக்ஸ் என்ற வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

விளையாட்டுக்கென்று நல்ல கார்டு ஏற்கெனவே கையில் இருப்பவர் எஃப் வாங்கலாம். அவருக்கு அது நிஜமான மிச்சம். பில் போடும் கடை, பிள்ளையின் படிப்பு, கல்யாண வீடியோ என்றால் எஃப் வேண்டாம். கே எழுத்தும் அதற்கேற்ற மதர்போர்டும் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயமாக.