ஃப்ளூ ஊசி போட்ட பிறகும் தொண்டை வலிப்பது ஏன்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் குழந்தை மருத்துவர்களிடம் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “போன மாசம்தான் டாக்டர் ஃப்ளூ ஊசி போட்டோம். அதுக்குள்ள மறுபடியும் தொண்டை வலிங்கிறானே?” வீட்டுப் பெரியவர்களுக்கு ஊசி போட்டவர்களுக்கும் இதே சந்தேகம் வருகிறது. அடுத்த வருடம் பலர் ஊசியையே விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஊசியின் வேலையைத் தொண்டை வலியை வைத்து மட்டும் அளப்பதால் வரும் ஏமாற்றம் இது. அது எதைத் தடுக்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்று தெரிந்துகொண்டால், ஊசி போட்ட பிறகு வரும் தொண்டை வலியை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

தொண்டை வலிக்குப் பல காரணங்கள்

தொண்டை வலி என்பது ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் பெரும்பாலும் வைரஸ்கள் இருக்கின்றன. சாதாரண ஜலதோஷத்தைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ், கண் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வரச் செய்யும் அடினோ வைரஸ், கோவிட் உள்ளிட்ட கொரோனா வைரஸ்கள், சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் கொப்புளம் போடும் காக்சாக்கி வைரஸ் எனப் பட்டியல் நீள்கிறது. இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூ வைரஸ் இந்தப் பட்டியலில் ஒன்று மட்டுமே.

பாக்டீரியாக்களில் முக்கியமானது ‘ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’. தொண்டை வலியோடு மருத்துவரிடம் வரும் குழந்தைகளில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்கும், பெரியவர்களில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கும் இதுவே காரணம். இதற்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது.

ஃப்ளூ தடுப்பூசி இந்தக் கூட்டத்தில் இன்ஃப்ளூயன்சாவை மட்டுமே எதிர்க்கிறது. அதிலும் அந்த ஆண்டுக்கெனத் தேர்ந்தெடுத்த சில வகைகளுக்கு எதிராக மட்டுமே. உலகச் சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்கான வகைகளைப் பிப்ரவரியிலும், தென் அரைக்கோளத்துக்கானவற்றைச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. வைரஸ் தன் மேற்புறப் புரதத்தை ஓயாமல் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. உடலில் உண்டான எதிர்ப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. ஆண்டுதோறும் ஊசி தேவைப்படுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

எண்கள் சொல்வது

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்புகள் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டுகின்றன. அவை இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக எண்ணின. ஒன்று, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ. மற்றொன்று, எந்தக் கிருமியால் வந்தாலும் சரி, பார்வைக்கு ஃப்ளூ போலவே இருக்கும் காய்ச்சல், இருமல், தொண்டை வலி.

குழந்தைகளை முதலில் பார்ப்போம். ஊசி போடாத 100 பேரில் ஒரு சீசனில் 30 பேருக்கு உறுதியான ஃப்ளூ வந்தது. ஊசி போட்டவர்களில் 11 பேருக்கு வந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. ஆனால் ‘ஃப்ளூ போன்ற’ நோயை எண்ணியபோது 28 பேர் என்பது 20 ஆகத்தான் இறங்கியது. குறைவு கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். (இரண்டு கணக்கும் வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து வந்தவை. எனவே 30-ஐயும் 28-ஐயும் ஒப்பிட வேண்டாம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் பாருங்கள்.)

65 வயதைத் தாண்டியவர்களிலும் இதே போக்குதான். ஊசி போடாத 1000 பேரில் 60 பேருக்கு ஃப்ளூ வந்தது என்றால், போட்டவர்களில் அது 24 ஆனது. ஃப்ளூ போன்ற நோயோ 60-லிருந்து 35 ஆனது.

ஊசி தன் இலக்கான வைரஸைப் பெருமளவு மடக்குகிறது. மற்ற கிருமிகள் கொண்டுவரும் காய்ச்சலும் தொண்டை வலியும் அப்படியே எஞ்சி நிற்பதால், இரண்டாவது கணக்கில் பலன் சுருங்கித் தெரிகிறது. வெறும் தொண்டை வலியை மட்டும் எண்ணினால் இன்னும் சுருங்கும், ஏனெனில் காய்ச்சலே இல்லாத ஜலதோஷங்களும் அதில் சேர்ந்துவிடும். வைரஸும் ஊசியும் சரியாகப் பொருந்தாத ஆண்டுகளில் ஃப்ளூவுக்கு எதிரான பலனும் குறையும். நன்கு பொருந்திய ஆண்டுகளில்கூட, ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போக நேரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு.

ஒரு வீடு, மூன்று நோய்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பேரனுக்கும், சர்க்கரை நோயுள்ள 72 வயதுப் பாட்டிக்கும் செப்டம்பரில் ஊசி போட்டாகிவிட்டது.

அக்டோபர் கடைசியில் பையனுக்கு மூக்கு ஒழுகுகிறது, தும்மல், லேசான இருமல், தொண்டை கரகரப்பு. காய்ச்சல் இல்லை. விளையாட்டும் நிற்கவில்லை. இது ஜலதோஷம். ஃப்ளூ ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை; ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. சில நாட்களில் தானாகச் சரியாகும்.

நவம்பர் நடுவில் அதே பையனுக்குத் திடீரென்று காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. எச்சில் விழுங்கவே அழுகிறான். டான்சில் வீங்கி, மேலே வெள்ளைப் படலம் தெரிகிறது. கழுத்தின் முன்புறம் நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறது. இருமலோ மூக்கொழுகலோ இல்லை. மருத்துவர்கள் கவனிக்கும் நான்கு அடையாளங்களும் இங்கே கூடியிருக்கின்றன: காய்ச்சல், டான்சிலில் வீக்கம் அல்லது படலம், வலிக்கும் நெறி, இருமல் இல்லாமை. 3 முதல் 14 வயதுக்குள் இருப்பது சந்தேகத்தை இன்னும் கூட்டும். ஆனாலும் இவை எல்லாம் பொருந்திய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உண்மையில் ஸ்ட்ரெப் தொற்று இருக்கும். அதனால் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, விரைவுச் சோதனையோ கல்ச்சரோ செய்து உறுதிப்படுத்துவதே நல்லது.

இந்த இடத்தில்தான் ஊசியைப் பற்றிய தவறான நம்பிக்கை ஆபத்தாகிறது. “ஊசி போட்டிருக்கோமே, சும்மா சளிதான்” என்று விட்டுவிட்டால், ஸ்ட்ரெப் தொற்று சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதய வால்வுகளைப் பழுதாக்கிவிடும். இந்தியாவில் இந்த நோய் இன்னும் ஒழியவில்லை. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் மருந்தை ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். பெனிசிலினோ அமாக்சிசிலினோ பொதுவாகப் பத்து நாள் தருவார்கள். மூன்றாம் நாளே வலி போய்விட்டாலும் முழுவதையும் முடிக்க வேண்டும்.

டிசம்பரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. தொண்டை வலி என்று அவர் சொல்லவே இல்லை. காய்ச்சலும் பெரிதாக இல்லை. சாப்பாடு வேண்டாம் என்கிறார், எழுந்திருக்கச் சோம்பல், பேச்சில் சிறு குழப்பம், சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது. முதியவர்களுக்கு ஃப்ளூ பல சமயம் இப்படித்தான் வருகிறது. ஊசி போட்டிருந்தாலும் வரலாம். வயதாக ஆக உடலின் எதிர்வினை தளர்வதால் அவர்களுக்கு ஊசியின் பலனும் சற்றுக் குறைவு. உடனே மருத்துவரிடம் காட்டினால் ஓசெல்டாமிவிர் மாத்திரை தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதன் பலன் அதிகம்.

முதியவர்களுக்கு வேறு அளவுகோல்

பாட்டிக்கு ஊசி போட்டதன் நோக்கம் தொண்டையைக் காப்பது அல்ல. நிமோனியா, மருத்துவமனைப் படுக்கை, மாரடைப்பு ஆகியவற்றைத் தள்ளிவைப்பதே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்ததைக் கண்டது. சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஊசியை வலியுறுத்துவது இதனால்தான். வயதானவர்களின் தளர்ந்த எதிர்ப்பை ஈடுகட்ட, வழக்கமான ஊசியில் உள்ளதைப் போல நான்கு மடங்கு மருந்துப்பொருள் கொண்ட ஊசியும் உருவாகியிருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான ஊசியைவிட அது ஃப்ளூவை 24 சதவீதம் கூடுதலாகத் தடுத்தது.

முதியவர்களின் நாள்பட்ட தொண்டைத் தொல்லைக்குத் தொற்றே காரணமாக இல்லாமலும் போகலாம். நெஞ்செரிச்சலோடு மேலேறும் அமிலம், மாத்திரைகளால் வாய் வறள்வது, இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காததால் படரும் பூஞ்சை ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. குரல் கம்மியோ, விழுங்கச் சிரமப்பட்டோ, ஒரே பக்கம் வலித்தோ மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். புற்றுநோய் இல்லை என்பதை அவர் உறுதிசெய்ய வேண்டும்.

மறைமுகமாகக் கிடைக்கும் பலன்

ஃப்ளூ ஊசி பாக்டீரியாவைத் தொடாது என்றாலும், ஒரு சுற்றுவழியில் அதையும் ஓரளவு தடுக்கிறது. ஃப்ளூ வைரஸ் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் உட்படலத்தைச் சிதைத்துவிடுவதால், அதன் பின்னால் ஸ்ட்ரெப், நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் எளிதாக நுழைகின்றன. ஃப்ளூவே வராவிட்டால் அந்த வழியும் அடைபடும். 2022 இறுதியில் இங்கிலாந்தில் குழந்தைகளிடம் கடுமையான ஸ்ட்ரெப் தொற்றுகள் அதிகரித்தபோது, தகுதியுள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பு மருந்து கொடுங்கள் என்று அங்குள்ள சுகாதாரத் துறை பெற்றோரைக் கேட்டுக்கொண்டது. ஆனால் இந்தப் பலன் ஃப்ளூவைத் தொடர்ந்து வரும் தொற்றுகளுக்கு மட்டுமே. பள்ளியில் பக்கத்துப் பையனிடமிருந்து நேரடியாகத் தொற்றும் ஸ்ட்ரெப்பை ஊசி தடுக்காது.

எப்போது, எத்தனை டோஸ்?

தமிழகத்தில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு கூடுகிறது. ஊசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். எனவே மழைக்கு முன், செப்டம்பருக்குள் போட்டுவிடுவது பொருத்தம். அப்போது சந்தையில் உள்ள புதிய ஊசியைக் கேட்டு வாங்க வேண்டும்; போன வருடத்தில் மிஞ்சிய குப்பி கூடாது.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போடக் கூடாது. தாய் கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொள்வதுதான் அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை உள்ளவர்களுக்கு, முதன்முறையாகப் போடும் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. ஒன்றோடு நிறுத்தினால் பாதுகாப்பு அரைகுறைதான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது. தேசிய தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால், பெரும்பாலோர் தனியாரிடம் பணம் கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த அட்டவணையில் இலவசமாகக் கிடைக்கும் வேறோர் ஊசிதான் தொண்டையின் மிகக் கொடிய நோயான தொண்டை அடைப்பானைத் தடுக்கிறது. கைக்குழந்தைக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும், 10, 16 வயதுகளில் போடும் டிடி ஊசியிலும் அது இருக்கிறது. ஃப்ளூ ஊசி போட்டாகிவிட்டது என்று அதைத் தவறவிடக் கூடாது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் இரண்டும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.