ஜாதகத்தில் நட்சத்திரமும் ராசியும்

சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்பவை பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் ஆகியவையே. பெயரைச் சொல்லும் வேகத்திலேயே நட்சத்திரத்தையும் ராசியையும் சொல்லிவிடுபவர் பலர். அவ்விரண்டும் எதனைக் குறிக்கின்றன, ஒன்றுக்கு மற்றொன்று எவ்வாறு உறவு என்பது, திருமணப் பேச்சு எழுந்து ஜாதகத்தைக் கையில் எடுக்கும் நாளில்தான் இளையோர்க்குக் கேள்வியாகிறது.

ராசி என்னும் வடசொல்லுக்குக் குவியல், கூட்டம் என்பது பொருள். கோள்கள் உலவும் வான்வழி ஒரு வட்டம். அவ்வட்டத்தை 12 சம பாகங்களாக வகுத்து மேஷம் முதல் மீனம் வரை பெயரிட்டனர். அதே வட்டத்தை 27 சம பாகங்களாகவும் வகுத்து அசுவினி முதல் ரேவதி வரை பெயரிட்டனர். பழந்தமிழர் இவற்றை நாண்மீன் என்றனர். ஆகவே ராசியும் நட்சத்திரமும் வெவ்வேறு பொருள்கள் அல்ல. ஒரே பாதையை அளக்கும் இரண்டு அளவுகோல்கள். ஒரு தெருவை வீட்டு எண் கொண்டும் சொல்லலாம், மின்கம்ப எண் கொண்டும் சொல்லலாம் அல்லவா, அது போன்றதே இது.

இவ்வட்டத்தில் எந்தக் கோளும் ஏதேனும் ஒரு ராசியிலும் ஒரு நட்சத்திரத்திலும் நிற்கும். ஆயினும் ஒருவருடைய ஜன்ம நட்சத்திரம், ஜன்ம ராசி எனப்படுபவை அவர் பிறந்த வேளையில் சந்திரன் நின்ற இடத்தையே குறிக்கும். இங்கே இளையோர் சிலர் தடுமாறுகின்றனர். ஆவணி மாதத்தில் பிறந்தவர் ‘என் ராசி சிம்மம்’ என்று சொல்லிவிடுகிறார். ஆவணியில் சிம்மத்தில் இருப்பது சூரியன். நம் வழக்கில் ஜன்ம ராசிக்கு அது கணக்கன்று. ‘ல’ என்று குறிக்கப்பட்ட கட்டம் லக்கினம்; பிறந்த வேளையில் கீழ்வானில் உதித்துக்கொண்டிருந்த ராசி அது. ‘சந்’ என்று எழுதப்பட்ட கட்டமே ஜன்ம ராசி.

சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாளும், ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாளும் ஆகும். இந்த இரண்டேகாலில்தான் சிக்கல் பிறக்கிறது. 27-ஐ 12 பங்காக்கினால் ஒரு ராசிக்கு இரண்டேகால் நட்சத்திரம் வருகிறது. அந்தக் காலுக்காகவே ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நான்கு பாதங்களாகப் பிரித்தனர். மொத்தம் 108 பாதங்கள். ராசி ஒன்றுக்கு 9 பாதங்கள். அசுவினி 4, பரணி 4, கார்த்திகையில் 1 ஆக ஒன்பதும் மேஷம். கார்த்திகையின் எஞ்சிய மூன்று பாதங்களும் ரிஷபத்துக்குப் போய்விடுகின்றன.

இவ்வாறு இரண்டு ராசிகளில் பிரிந்து நிற்கும் நட்சத்திரங்கள் ஒன்பது. கார்த்திகை, உத்திரம், உத்திராடம் மூன்றும் முதற்பாதத்தை முன் ராசியில் விட்டு மற்றவற்றைப் பின் ராசியில் வைப்பவை. இவற்றைத் தலையற்றவை என்பர். மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் ஆகியவை இரண்டிரண்டு பாதமாகப் பிரிபவை; இவை உடலற்றவை. புனர்பூசம், விசாகம், பூரட்டாதி ஆகியவை கடைசிப் பாதத்தை மட்டும் பின் ராசிக்குத் தருபவை, இவை காலற்றவை. பெயர்கள் அச்சமூட்டுவனவாக இருப்பினும் கணக்கை நினைவில் வைக்க வந்தவை என்றே கொள்ளல் வேண்டும். மற்றப் பதினெட்டு நட்சத்திரங்களில் பிறந்தவர்க்கு நட்சத்திரத்தைச் சொன்னாலே ராசி விளங்கிவிடும். ரோகிணி என்றால் ரிஷபம்தான். சதயம் என்றால் கும்பம்தான். இவ்வொன்பதில் பிறந்தவர்க்கோ பாதம் தெரியாமல் ராசி சொல்ல இயலாது.

உத்திரத்தில் பிறந்த ஒரு பெண்ணின் ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைப்பருவத்தில் எழுதிய குறிப்பேட்டில் ‘உத்திரம் 1-ஆம் பாதம், சிம்ம ராசி’ என்று இருந்தது. கணினியில் புதிதாகக் கணித்து வாங்கியபோது, எழுதிக் கொடுத்தவர் பழைய தலைப்பை அப்படியே மேலே போட்டுவிட்டு, கீழே கட்டங்களைப் புதுக் கணக்கின்படி இட்டார். மணமகன் சதய நட்சத்திரம், கும்ப ராசி. ராசிப் பொருத்தம் பெண் ராசியிலிருந்து எண்ணப்படுவது. சிம்மத்திலிருந்து கும்பம் ஏழாவது. இது சமசப்தமம், உத்தமம். பெண் கன்னி ராசியானால் கும்பம் ஆறாவது; கும்பத்திலிருந்து கன்னி எட்டாவது. இது சஷ்டாஷ்டகம் எனப்படும், பெரியோர் தயங்கும் அமைப்பு. ஆகவே ஒரு பாதம் மாறினால் வீட்டார் ஆம் என்பது இல்லை என்று மாறக்கூடும்.

ஜாதகத்தின் தலைப்பு சரிதானா என்பதை ஜோதிடம் கல்லாதவரும் மூன்று இடங்களில் ஒத்துப் பார்க்கலாம். முதலாவது ராசிக் கட்டம். நம் நாட்டு வழக்கில் மேல் வரிசையின் இடது மூலை மீனம். அதற்கு அடுத்தது மேஷம். அங்கிருந்து வலமாக எண்ணி வர வேண்டும். வலப்பக்கக் கீழ்மூலை கன்னி. அதற்கு நேர் மேலுள்ள கட்டம் சிம்மம். மேற்படி ஜாதகத்தில் ‘சந்’ என்பது கீழ்மூலையில் இருந்தது. தலைப்போ சிம்மம் என்றது.

இரண்டாவது நவாம்சக் கட்டம். ஒவ்வொரு பாதத்துக்கும் நவாம்சத்தில் ஓர் இடம் உண்டு. உத்திரம் முதற்பாதமானால் அங்கே சந்திரன் தனுசில் இருக்கும். இரண்டாம் பாதமானால் மகரத்தில் இருக்கும். இந்த ஜாதகத்தில் மகரத்தில் இருந்தது.

மூன்றாவதே மிக நுட்பமானது. பலர் கண்ணில் படாததும் அதுவே. ‘கர்ப்பச் செல் நீக்கி இருப்பு சூரிய திசை வருடம் 4 மாதம் 4’ என்றொரு வரி அதில் இருந்தது. உத்திரத்தில் பிறந்தவர்க்கு முதலில் நடப்பது சூரிய திசை. அதன் முழு அளவு 6 வருடம். சந்திரன் உத்திரத்தில் எவ்வளவு பங்கு கடந்திருக்கிறதோ, திசையிலும் அவ்வளவு பங்கு கழிந்ததாகக் கொள்வர். கால் பங்கு கடந்தால் ஒன்றரை வருடம் கழியும். ஆகவே முதற்பாதத்தில் பிறந்தவர்க்கு இருப்பு நாலரை வருடத்துக்குக் குறையாது. இங்கே இருப்பு 4 வருடம் 4 மாதமே. அதாவது கழிந்தது 1 வருடம் 8 மாதம். முதற்பாதம் முடிந்து சிறிது நேரம் ஆகிவிட்டது என்பதை அந்த வரியே சொல்லிவிட்டது.

அச்சிறிது நேரம் எவ்வளவு? உத்திரம் அன்று 24 மணி நேரம், அதாவது 60 நாழிகை இருந்ததாகக் கொண்டால் ஒரு பாதம் 6 மணி. 72 மாதத்தில் 20 மாதம் கழிந்தது என்றால், 24 மணியில் கடந்தது 6 மணி 40 நிமிடம். பெண் பிறந்தது விடியற்காலை 5.30. ஆகவே புதுக் கணக்கில் உத்திரம் தொடங்கியது முன்னிரவு 10.50-க்கு, முதற்பாதம் முடிந்தது 4.50-க்கு. குழந்தை பிறந்தது நாற்பது நிமிடம் கழித்து.

அப்படியானால் பழைய குறிப்பேடு எழுதியவர் தவறிவிட்டாரா என்றால், இல்லை. அவர் வாக்கியப் பஞ்சாங்கம் கொண்டு கணித்தவர். முன்னோர் வகுத்த வாக்கியங்களின்படி கோள்நிலை காண்பது வாக்கியம். வானில் காணும் நிலைக்கு ஏற்பத் திருத்திய கணிதத்தால் காண்பது திருக்கணிதம். இரண்டிலும் நட்சத்திரம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் ஒத்திருப்பதில்லை. வாக்கியப்படி அன்று உத்திரம் தொடங்கியது நள்ளிரவு 12.10-க்கு. பிறப்பு வரை கடந்தது 5 மணி 20 நிமிடம். அது முதற்பாதமே, ராசி சிம்மமே, அக்கணக்கில் திசை இருப்பும் 4 வருடம் 8 மாதம் வரும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தத்தம் முறையில் சரியானவை. ஒன்றின் தலைப்பை மற்றொன்றின் கட்டத்தின் மேல் ஒட்டியதுதான் பிழை.

இன்னொரு பிழையும் இத்தகைய பிறப்பில் நேரும். தமிழ் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவது. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுவது. விடியற்காலை 5.30, சூரிய உதயத்துக்கு முன்பானால், தமிழ் முறையில் முந்தின நாளைச் சேர்ந்தது. முந்தின நாளுக்கு நாட்காட்டியில் ‘பூரம்’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பிறந்த நட்சத்திரம் பூரம் என்று எழுதியவர்களும் உண்டு. பூரம் இரவு எத்தனை மணி வரை என்பதையும் அங்கே குறித்திருப்பார்கள். பிறந்த நேரம் அதற்கு முன்னா பின்னா என்று பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இனிப் பொருத்தத்துக்கு வருவோம். பாதம் மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. தினப் பொருத்தம் நட்சத்திரத்திலிருந்து எண்ணுவது; உத்திரத்திலிருந்து சதயம் 13. அதில் 9 நீக்க 4, பொருந்தும். ரச்சுப் பொருத்தமும் நட்சத்திரத்தைக் கொண்டதே. உத்திரம் உதர ரச்சு, சதயம் கண்ட ரச்சு. வேறு வேறாகையால் தடையில்லை. கணமும் அவ்வாறே நட்சத்திரத்தால் வருவது. உத்திரம் மனித கணம், சதயம் ராட்சச கணம். எந்தப் பாதமாயினும் அது பொருந்தாததே. ராசியைக் கொண்டு பார்ப்பவைதான் மாறும். அவற்றிலும் ஒரு விந்தை உண்டு. சிம்மமாக வைத்தால் ராசிப் பொருத்தம் உத்தமம். ஆனால் ராசி அதிபதிகளான சூரியனும் சனியும் பகை. கன்னியாக வைத்தால் ராசிப் பொருத்தம் இல்லை. அதிபதிகளான புதனும் சனியுமோ பகையில்லாதவர். சனிக்குப் புதன் நட்பு, புதனுக்குச் சனி சமம். ஒன்று போனால் ஒன்று வருகிறது. ஆகவே நல்லது வரும்படி பாதத்தை மாற்றி எழுதச் சொல்வது, சிலர் செய்வதுதான் எனினும், பயனற்றது, நேர்மையும் அன்று.

இந்நிலையில் செய்யத்தக்கது எளியது. மருத்துவமனைச் சீட்டில் உள்ள பிறந்த நேரத்தை முதலில் பார்க்க வேண்டும். ‘ஐந்தரை இருக்கும்’ என்று பாட்டி சொன்ன நேரமானால், நாற்பது நிமிட எல்லையில் நிற்கும் ஜாதகத்துக்கு அது போதாது. பிறகு பெண், பிள்ளை இருவர் ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தால் கணிக்கச் செய்ய வேண்டும். வாக்கியமா திருக்கணிதமா என்பது குடும்ப வழக்கத்தைப் பொறுத்தது. ஒருவருக்கு அது, மற்றவர்க்கு இது என்று வைத்து ஒப்பிடுவது, ஒரு துணியை முழத்தாலும் மற்றொன்றைக் கஜத்தாலும் அளந்து நீளம் பார்ப்பதை ஒக்கும்.

மேற்படி ஜாதகத்தில் வீட்டார் திருக்கணிதத்தையே கைக்கொண்டனர். பிள்ளை சதயத்தின் நடுவில் பிறந்தவராகையால் அவருக்கு எக்கணக்கிலும் மாற்றமில்லை. பெண்ணுக்கு உத்திரம் 2-ஆம் பாதம், கன்னி ராசி என்று தலைப்புத் திருத்தப்பட்டது. சஷ்டாஷ்டகம் என்பதை மறைக்காமல் பிள்ளை வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, இரு வீட்டுப் பெரியோரும் மற்றப் பொருத்தங்களை எடுத்துக்கொண்டு அமர்ந்தனர். அப்பெண் இனி அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லும்போது உத்திரம் என்பதில் மாற்றமில்லை; ஆண்டுதோறும் பிறந்த நட்சத்திரத்தன்று செய்யும் வழிபாடும் அதே நாளில்தான். சிம்மம் என்று சொல்லிவந்த இடத்தில் கன்னி என்று சொன்னால் போதும்.