பக்கவாட்டில் நின்றால் ஆட்டம் பிழைக்கும்

எதிரியின் சிப்பாய் ராணியாகப் போகிறதா, யானையை அதன் பின்னால் நிறுத்து என்று செஸ் பழகும் எல்லோருக்கும் சொல்லித்தருவார்கள். நல்ல பாடம்தான். ஆனால் பலகையின் ஓரத்தில் ஓடும் சிப்பாயிடம் அதை அப்படியே நம்பினால் ஆட்டம் போய்விடும். அங்கே காப்பாற்றும் வழியைக் காட்டியவர் 1921இல் இளம் வயதிலேயே இறந்துபோன செக் நாட்டுக்காரர் யோசெஃப் வான்சுரா. அவர் கண்ட நிலை 1924இல் அச்சில் வந்தது.

பலகையில் காய்களை வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா c5, யானை a8, சிப்பாய் a6. கறுப்பு ராஜா g7, யானை f6. கறுப்பு யானை ஆறாவது வரிசையில் பக்கவாட்டிலிருந்து சிப்பாயைக் குறிவைக்கிறது. a8 யானை நகர்ந்தால் சிப்பாய் போய்விடும். ஆகவே ராஜா வந்து சிப்பாயைப் பிடித்துக்கொண்டு யானையை விடுவிக்க வேண்டும்.

ராஜா b5க்கு வருகிறது. உடனே f5இல் செக். ராஜா c6 போனால் f6இல் செக். b7 போனால் f7இல் செக், b6 திரும்பினால் மறுபடி f6இல் செக். சிப்பாயை விட்டு ராஜா விலகியதும் யானை f6க்கு வந்து பழைய காவலைத் தொடரும். ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. சிப்பாய் b6இல் இருந்திருந்தால் ராஜா a6இல் அதன் மறைவில் நின்றிருக்கும். ஓரச் சிப்பாய்க்கு அப்பால் கட்டமே கிடையாது. யானை தள்ளி நிற்பதும் முக்கியம். d6 போல நெருங்கி நின்றால் ராஜா அதையே தாக்கி விரட்டும்.

கறுப்பு யானை பின்னால், a1இல் இருந்தால்? வெள்ளை ராஜா b6 வரும், b1இல் செக் விழும், ராஜா a7இல் ஒளிந்துகொள்ளும். பிறகு யானை b8க்கு வெளியேறும், வெள்ளை ஜெயிக்கும்.

வெள்ளை சிப்பாயை a7க்குத் தள்ளினால் கணக்கு மாறுகிறது. ஒளியும் கட்டத்தைச் சிப்பாயே அடைத்துவிட்டது. இப்போது யானை a6க்கு, சிப்பாயின் பின்னால் போகலாம். ராஜா b5க்கு வந்து தாக்கினால் a1க்கு இறங்கும். ராஜா b6 ஏறினால் b1இல் செக், விலகியதும் மறுபடி a1.

இவ்வளவு நேரமும் கறுப்பு ராஜா g7இலோ h7இலோதான் இருக்க வேண்டும். சிப்பாய் a7இல் இருக்கும்போது அது g6க்கு ஏறினால், வெள்ளை யானை g8இல் செக் கொடுத்தபடியே வழிவிடும், சிப்பாய் ராணியாகும். f7க்குப் போனால் இன்னொரு பொறி: யானை h8க்குப் போகும். கறுப்பு a7 சிப்பாயை வெட்டினால் h7இல் செக், ராஜா விலகியதும் a7இல் நிற்கும் யானை பறிபோகும்.

ஆகவே ஓரச் சிப்பாயின் முன்னால் எதிரியின் யானை நிற்கக் கண்டால், அவருடைய ராஜா வந்து சேரும் முன்பே உங்கள் ராஜாவை g7இல் நிறுத்துங்கள். சிப்பாய் a6இல் இருக்கும்வரை யானை பக்கவாட்டில், a7க்குப் போனால் பின்னால்.