குறைந்த வலி மறுபடி கூடினால்

சிசேரியன் முடிந்து ஐந்தாம் நாள் வீடு திரும்புகிறாள் ஒரு பெண். வாசலில் ஆரத்தி எடுத்தாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் தொட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். அவளுடைய அடிவயிற்றில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தையல் இருக்கிறது. அதற்கும் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் தயாராக இருக்கிறது. மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடச் சொல்கிறார் பாட்டி. "பருப்பு மட்டும் கொடுத்துடாதீங்க, சீழ் வச்சிடும்" என்கிறார் பெரியம்மா. கணவர் மருந்துக் கடைக்குப் போய், புண்ணில் தூவுகிற பவுடர் டப்பா ஒன்றை வாங்கி வந்து நிற்கிறார்.

மூவருக்கும் அக்கறைதான் காரணம். ஆனால் மூன்றுமே அந்தத் தையலுக்கு வேண்டாதவை.

அறுத்துத் தைத்த இடத்தில், மேல்தோல் பெரும்பாலும் இரண்டே நாளில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் போட்ட கட்டை முதல் 48 மணி நேரம் வரை பெரும்பாலும் பிரிப்பதில்லை. ஆனால் ஒட்டிய தோல் வலுவான தோல் ஆகிவிடாது. முதல் வாரக் கடைசியில் அந்த இடத்துக்குச் சொந்த பலம் என்று ஏறக்குறைய எதுவுமே கிடையாது, நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் ஆன பிறகும் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் திரும்பியிருக்கும். குழந்தையைத் தவிர வேறு பாரம் தூக்காதே, தண்ணீர்க் குடத்தைத் தொடாதே என்று நர்ஸ் சொல்லி அனுப்புவது இதனால்தான்.

இனி சுத்தம். குளிக்கலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், இரண்டு நாள் கழித்துத் தாராளமாகக் குளிக்கலாம். தோளில் ஊற்றிய தண்ணீர் தையல் மேல் வழிந்து போனால் தவறில்லை. தொட்டியிலோ குளத்திலோ ஊறக் கூடாது. நம் ஊர்ப் பிரசவக் குளியலில், கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் வீசி அடிப்பார்களே, அதுவும் கூடாது. சாதாரண சோப்பு நுரை தையல் மேல் பட்டால் ஒன்றும் ஆகாது, தேய்ப்பதுதான் கெடுதல். குளித்து முடித்ததும் துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் துணியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. தொடுகிற கையைச் சோப்புப் போட்டு 20 விநாடியாவது கழுவியிருக்க வேண்டும்.

அவ்வளவுதான். டெட்டால், ஸ்பிரிட், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். கிருமியோடு சேர்த்து, புதிதாக வளர்கிற திசுவையும் அவை எரித்துவிடும். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து பொருக்காகி, அடியில் என்ன நடக்கிறது என்பதையே மறைத்துவிடும். சமையலறை மஞ்சள் தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல. தவிரவும் அதன் மஞ்சள் நிறம் சிவப்பைக் கண்ணுக்குக் காட்டாது.

சிசேரியன் தையலுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகு தொளதொளவென்று இருக்கும் அடிவயிறு, உட்காரும்போது மடிந்து தையலை மூடிக்கொள்கிறது. அந்த மடிப்பில் வியர்வை தேங்கும். கிருமிக்கு அதைவிட வசதியான இடம் வேண்டாம். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை, கால் மணி நேரம் நிமிர்ந்து படுத்து, மடிப்பை விலக்கிக் காற்றுப் பட விட்டாலே போதும். பாவாடை நாடாவின் முடிச்சு தையல் மேல் உரசுவதும் அடிக்கடி நடப்பது. ஆறு வாரத்துக்குத் தளர்ந்த நைட்டியே நல்லது.

பருப்பு விஷயத்துக்கு வருவோம். பருப்பும் முட்டையும் உருளைக்கிழங்கும் சீழ் பிடிக்க வைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. சீழ் என்பது கிருமியோடு சண்டை போட்டு மடிந்த வெள்ளை அணுக்களும் செத்த கிருமிகளும் சிதைந்த திசுவும் கலந்த குழம்பு; தட்டில் இருக்கும் பருப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. புண் ஆறுவதற்குப் புரதம்தான் மூலப்பொருள். ரசமும் சுட்ட அப்பளமும் மட்டுமே சாப்பிட்டுக்கொண்டு பாலும் கொடுக்கிற தாய்க்குப் புண் மெதுவாகத்தான் ஆறும். பருப்பு, முட்டை, மீன், கீரை, நெல்லிக்காய், எலுமிச்சை எல்லாம் சாப்பிடட்டும்.

தினமும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் தையலைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். செல்போனில் படம் எடுத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடவும் வசதி. ஓரங்களில் நூலிழை அகலத்துக்கு இளஞ்சிவப்பு, லேசான வீக்கம், அரிப்பு, சுற்றிலும் மரத்துப்போன உணர்வு, முதல் இரண்டொரு நாள் துளித் துளியாகத் தெளிந்த நீர் என்று இவையெல்லாம் ஆறுகிற புண்ணின் இயல்பு.

கிருமி தொற்றினால் பெரும்பாலும் முதலில் காட்டிக் கொடுப்பது வலி. ஆறுகிற புண்ணில் அது நாளுக்கு நாள் இறங்கும். நம் பெண்ணுக்கு ஏழாம் நாள் வலி ஏறக்குறைய நின்றே விட்டது. எட்டாம் நாள் இரவு தையலின் இடது முனையில் விண்விண்ணென்று தெறிக்கிறது. தொட்டால் சுடுகிறது, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. சுற்றிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. இந்த இடத்தில் ஒரு பால்பாயின்ட் பேனா உதவும். சிவப்பின் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் தொற்று பரவுகிறது என்று பொருள். கோடு போடுவது மருத்துவரிடம் காட்டத்தான். நாலு நாள் பொறுத்துப் பார்ப்பதற்கு அல்ல. மறுநாளே போய்விட வேண்டும்.

அவளுக்கு அன்று காய்ச்சலும் இருந்தது, 100.4 டிகிரி. "பால் கட்டின காய்ச்சல்தான், சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பால் கட்டினாலும் காய்ச்சல் வரும் என்பது உண்மைதான். ஆனால் தையல் போட்ட பெண்ணுக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், தையலைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. சீழ், கெட்ட நாற்றம், தையல் விலகல், பிறப்புறுப்பு வழியே நாற்றமடிக்கும் கசிவு இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் பல சமயம் பலன் தராது. உள்ளே சீழ் கட்டியிருந்தால் ஓரிரு தையலைப் பிரித்து வெளியேற்றினால்தான் தீரும்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. காய்ந்திருந்த புண்ணிலிருந்து திடீரென்று ரோஸ் நிற நீர் துணி நனையக் கொட்டினால், உள் தையல் விட்டிருக்கலாம். தோல் கருஞ்சிவப்பாகி, கொப்புளம் கிளம்பி, பார்க்கிற புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலி இருந்தால் அதுவும் அவசரம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வலியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நரம்பு மரத்தவர்களுக்குத் தொற்று வலிக்காமலே பரவலாம். காரணமின்றிச் சர்க்கரை அளவு ஏறுவதே சில சமயம் முதல் அறிகுறி.

தையல் பிரித்த அன்றோடு கண்காணிப்பை நிறுத்திவிடாதீர்கள். அறுவை சிகிச்சைப் புண்ணில் தொற்று 30 நாள் வரை தலைகாட்டலாம்.