முந்தி வைத்த கல்

டீ ஆறுவதற்குள் விதிகளைச் சொல்லி முடித்துவிடலாம். கோ பலகையில் கட்டங்களுக்குள் கல் வைப்பதில்லை; கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் வைக்கிறோம். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை, இப்படி மாறி மாறி. வைத்த கல் வைத்ததுதான். நகர்த்துவதும் கிடையாது, எடுப்பதும் கிடையாது. நெடுக்கிலோ குறுக்கிலோ மூலைவாட்டிலோ தன் கல் ஐந்தை இடைவெளி இல்லாமல் யார் முதலில் வரிசையாக்குகிறாரோ அவருக்கு வெற்றி. ஜப்பானில் இதற்கு கோமோகு என்று பெயர். கோ பலகையில் பக்கத்துக்கு 19 கோடுகள். இந்த ஆட்டத்துக்கு இப்போது 15 கோடுகள் உள்ள பலகைதான் வழக்கம். பலகை இல்லையென்றால் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் இரண்டு நிறப் பேனாவும் போதும்.

புதிதாக ஆடுகிறவர் ஐந்தை நோக்கி ஒவ்வொரு கல்லாகச் சேர்த்துக்கொண்டே போவார். பழகியவர் முடிவிலிருந்து பின்னோக்கி யோசிப்பார். ஐந்துக்கு முந்தைய நிலை என்ன? நான்கு. ஆனால் நான்கில் இரண்டு வகை உண்டு. ஒரு முனையில் எதிராளியின் கல் நின்றால் ஐந்தாக்க ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம். அதில் அவர் ஒரு கல் வைத்துவிட்டால் கதை முடிந்தது. இது அடைபட்ட நான்கு. இரண்டு முனையும் காலியாக இருந்தால் ஐந்தாக்கும் புள்ளி இரண்டு. அவரால் ஒரு முறைக்கு ஒரு கல்தான் வைக்க முடியும் என்பதால் இதைத் தடுக்கவே வழியில்லை. இது திறந்த நான்கு.

அப்படியானால் திறந்த நான்குக்கு முந்தைய நிலையிலேயே எதிராளி விழித்துக்கொள்ள வேண்டும். அதுதான் திறந்த மூன்று: விட்டால் அடுத்த கல்லில் திறந்த நான்காகிவிடும் மூன்று. இரண்டு பக்கமும் காலியாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. திறந்த நான்குக்கு ஆறு புள்ளி தேவை: கல்லுக்கு நான்கு, முனைகளுக்கு ஒவ்வொன்று. கீழே முதல் வரிசையில் அந்த ஆறும் கிடைக்கிறது. இரண்டாவதில் வெள்ளைக்கு நடுவே ஐந்து புள்ளிதான் இருக்கிறது. பார்க்கத்தான் திறந்த மூன்று, உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாவது நடுவில் ஓட்டை விட்ட மூன்று. அதுவும் அசல்தான், ஓட்டையை நிரப்பினால் திறந்த நான்கு.

```
· · ● ● ● · ·
○ · ● ● ● · ○
· ● ● · ● ·
```

எந்த மூன்றை எங்கே தடுக்கலாம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. முதல் வரிசையைப் போல இரண்டு பக்கமும் தாராளமாக இடமிருந்தால் தடுக்கும் புள்ளி இரண்டுதான், ஒட்டியிருக்கும் இரு முனைகள். ஓட்டை விட்ட மூன்றுக்கு மூன்று: இரு முனைகளும் ஓட்டையும். எதிராளிக்குக் கிடைக்கும் வழி குறைவது நமக்கு நல்லது. ஆகவே இரண்டும் சாத்தியமாக இருக்கும்போது ஓட்டையில்லாத மூன்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி ஆட்டத்தின் உயிர்நிலைக்கு வருவோம். திறந்த மூன்று வைத்தால் எதிராளி பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடைபட்ட நான்கு வைத்தால், உடனே ஐந்தாக்க அவருக்கு வழி இல்லாத வரையில், அந்த ஒரு புள்ளியில் வைத்தே தீர வேண்டும். அதாவது அவர் அடுத்து எங்கே வைப்பார் என்பதை நாம் முடிவு செய்கிறோம். ஆனால் ஒற்றை மிரட்டலை வைத்து யாரும் ஜெயிப்பதில்லை, அவர் தடுத்துவிடுவார். ஒரே கல்லில் இரண்டு மிரட்டல் பிறக்க வேண்டும்: இரண்டு மூன்று, அல்லது ஒரு நான்கும் ஒரு மூன்றும், அல்லது இரண்டு நான்கு. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் காலிப் புள்ளிதான் நாம் தேடும் இடம்.

ஒரு நிலையை எடுத்துப் பார்ப்போம். பலகையின் நடுவிலிருந்து 9க்கு 9 அளவில் ஒரு துண்டு இது. ஆளுக்கு நான்கு கல் விழுந்திருக்கிறது, இப்போது கறுப்பின் முறை. புள்ளிகளைச் சொல்லும்போது முதல் எண் இடமிருந்து எத்தனையாவது நெடுக்கோடு, இரண்டாவது கீழிருந்து எத்தனையாவது குறுக்குக்கோடு என்று கொள்ளுங்கள்.

```
9 · · · · · · · · ·
8 · · ○ · · · · · ·
7 · · · ● · ○ · · ·
6 · · · ● ○ · · · ·
5 · · · + ● ● · · ·
4 · · · · · ○ · · ·
3 · · · · · · · · ·
2 · · · · · · · · ·
1 · · · · · · · · ·
  1 2 3 4 5 6 7 8 9
```

கறுப்புக்குக் குறுக்கே ஒரு ஜோடி (5-5, 6-5), நெடுக்கே ஒரு ஜோடி (4-6, 4-7). இரண்டும் சந்திக்கும் இடம் 4-5, படத்தில் + போட்ட புள்ளி. அங்கே கறுப்பு கல் வைத்தால் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று, இரண்டும் திறந்தவை. குறுக்கு மூன்றைத் தடுக்கும் புள்ளிகள் 3-5, 7-5. நெடுக்கு மூன்றைத் தடுப்பவை 4-4, 4-8. இரண்டு பட்டியலிலும் பொதுவான புள்ளி ஒன்றுமில்லை. வெள்ளை 7-5இல் வைத்தால் கறுப்பு 4-4இல் வைத்து நெடுக்கே திறந்த நான்கை எழுப்பும்; ஆட்டம் முடிந்தது.

ஆனால் வைக்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: வெள்ளையிடம் ஏற்கெனவே ஏதாவது மூன்று இருக்கிறதா? அடைபட்டதாக இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடாது. மூன்று இருந்தால் வெள்ளை அதை நான்காக்கி நம்மைப் பதில் சொல்ல வைக்கும். அந்தக் கல்லே நம் கோட்டின் நடுவில் வந்து உட்காரலாம். இரட்டை மூன்று வைத்துவிட்டுச் சிரிக்கும்போதே தோற்றவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கத் தவறியிருப்பார்கள். இந்த நிலையில் வெள்ளைக்கு மூன்று கிடையாது.

இதே நிலையில் கறுப்பு அவசரப்பட்டு, முதலில் ஒரு மூன்று வைப்போமே என்று 7-5இல் வைத்தால் என்ன ஆகும்? குறுக்கே 5, 6, 7 என்று மூன்று. வெள்ளை தவறிப்போய் வலது முனையில், 8-5இல், தடுத்தால் கறுப்புக்கு வேட்டைதான். 4-5இல் வைக்கும், குறுக்கே நான்கு, நெடுக்கே மூன்று. நான்குக்குப் பதிலாக வெள்ளை 3-5க்கு ஓடியே ஆக வேண்டும். அதற்குள் நெடுக்கே திறந்த நான்கு வந்துவிடும். ஆனால் வெள்ளை விவரமானவராக இருந்தால் இடது முனையான 4-5இலேயே வைப்பார். அந்த ஒரு கல் கறுப்பின் இரண்டு கோட்டையும் ஒருசேர அடைக்கிறது. அதோடு நிற்கவில்லை: 4-5, 5-6, 6-7 என்று மூலைவாட்டில் வெள்ளைக்கே ஒரு திறந்த மூன்று பிறந்துவிட்டது, படத்தில் விரலை வைத்துப் பாருங்கள். இப்போது ஓட வேண்டியது கறுப்பு. மிரட்டிக்கொண்டிருந்தவர் ஒரே கல்லில் மிரட்டப்படுகிறவர் ஆகிவிட்டார்.

தடுக்கும்போது கிடைக்கும் முனையில் வைக்காமல், கோடுகள் சந்திக்கும் முனையில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். தனக்கும் ஒரு மூன்று கிடைக்கும் முனையாக அது அமைந்தால் இன்னும் நல்லது.

முதலில் வைப்பவருக்கு ஏன் சாதகம் என்பதும் இங்கிருந்தே புரியும். மிரட்டலும் பதிலும் மாறி மாறி வரும்போது கல் எண்ணிக்கை சமமாகவே போகும், ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் மிரட்டுகிறவர் மட்டுமே. தொடக்கத்தில் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கறுப்பின் கையில் இருக்கிறது. கறுப்பு மிரட்டலை விடாமல் தொடர்ந்தால் வெள்ளைக்குத் தன் கோட்டைக் கட்ட நேரமே கிடைக்காது. தற்செயலாகத் தடுப்புக் கல்லே மூன்றாக மாறினால்தான் உண்டு. சதுரங்கத்திலும் வெள்ளை முதலில் ஆடுகிறது, ஆனால் அங்கே காய்கள் வெட்டுப்படும், பின்வாங்கும். முந்திய ஒரு நகர்வு கரைந்துபோகலாம். இங்கே வைத்த கல் கடைசிவரை பலகையிலேயே இருக்கும், அதன் பயனும் அப்படியே.

இதைத் தர்க்கமாகவும் காட்டலாம். இரண்டாமவருக்கு எப்போதும் ஜெயிக்கும் வழி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதலாமவர் எங்கேயோ ஒரு கல்லை வைத்துவிட்டு, அதை மறந்து, தானே இரண்டாமவர் என்று பாவித்து அதே வழியைப் பின்பற்றலாம். அந்த வழி கேட்கும் புள்ளியில் ஏற்கெனவே தன் கல் இருந்தால் வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தில் கூடுதல் கல் ஒருபோதும் கெடுதல் செய்யாது. ஆக இருவருமே நிச்சயம் ஜெயிப்பார்கள் என்றாகிறது. அது நடக்காத காரியம். எனவே இரண்டாமவருக்கு உறுதியான வெற்றி வழி இருக்கவே முடியாது. இது முதலாமவர் ஜெயிப்பார் என்று நிரூபிக்கவில்லை. தோற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்பதை மட்டுமே காட்டுகிறது.

மிச்சத்தை விக்டர் அலிஸ் என்ற டச்சுக்காரர் 1990களின் தொடக்கத்தில் முடித்தார். 15 கோட்டுப் பலகையில், எந்தத் தடையும் இல்லாத ஆட்டத்தில், வெள்ளை என்ன பதில் சொன்னாலும் கறுப்பு ஜெயிக்கும் வழியைக் கணினியில் கண்டுபிடித்தார். 1994இல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் அது இருக்கிறது. அவர் செய்த தந்திரம் நாம் மேலே பார்த்ததுதான். எல்லா நகர்வையும் துழாவாமல், மிரட்டல் சங்கிலிகளை மட்டும் முதலில் தேட வைத்தார். பதில் சொல்லியே ஆக வேண்டிய நகர்வுகளில் கிளைகள் குறைவு, அதனால் வெகு ஆழம்வரை போக முடிகிறது. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததும் கறுப்புதான் ஜெயிக்கும் என்றுதான்.

அதனால்தான் அவர்கள் கறுப்பின் கையைக் கட்டப் பார்த்தார்கள். 1899இல் குரோய்வா ரூய்கோ என்ற பத்திரிகையாளர் ரென்ஜு என்று பெயரிட்ட வடிவம் வளர்ந்து இன்று வந்து நிற்கும் விதி இது: கறுப்பு இரட்டை மூன்று வைக்கக் கூடாது, இரட்டை நான்கு கூடாது, ஆறோ அதற்கு மேலோ வரிசையாக்கவும் கூடாது. வெள்ளைக்கு எந்தத் தடையும் இல்லை. நம் படத்துக்குத் திரும்பினால், ரென்ஜுவில் கறுப்பு அந்த + புள்ளியில் உடனே வைக்க முடியாது. முதலில் 7-5இல் வைத்து, வெள்ளை தவறான முனையில் தடுத்தால் மட்டுமே நான்கும் மூன்றுமாக அங்கே இறங்கலாம், ஏனென்றால் கறுப்புக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே இரட்டை மிரட்டல் அதுதான். இவ்வளவு கட்டியும் போதவில்லை. தொடக்கத் திறப்பில் கட்டுப்பாடு இல்லாத ரென்ஜுவிலும் கறுப்பே ஜெயிக்கும் என்று வாக்னர், விராக் என்ற இருவர் 2001இல் காட்டிவிட்டார்கள்.

கோமோகு போட்டிகளில் இப்போது வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் முதல் மூன்று கல்லையும், இரண்டு கறுப்பு ஒரு வெள்ளை, தானே வைப்பார். மற்றவர் அதைப் பார்த்துவிட்டுக் கறுப்பை எடுக்கலாம், வெள்ளையை எடுக்கலாம், அல்லது இன்னொரு கறுப்பும் ஒரு வெள்ளையும் வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முதலாமவரிடமே தள்ளலாம். மூன்று கல்லை ஒருதலையாக வைத்தால் மற்றவர் நல்ல பக்கத்தை எடுத்துக்கொள்வார் என்ற பயத்தில் வைப்பவரே சமமான நிலையைத் தேடுவார். வீட்டில் ஆடும்போது இதன் எளிய வடிவமே போதும்: ஒருவர் மூன்று கல் வைக்கட்டும், மற்றவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அடுத்து வெள்ளையின் முறை.