ஜிமெயில் நிரம்பினால் எதை நீக்குவது?

ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். முதலில் தேடல் பெட்டியில் இதை இடுங்கள்:

```
has:attachment larger:10M older_than:2y
```

இரண்டு ஆண்டுக்கு முந்தைய, 10 எம்பிக்கு மேற்பட்ட இணைப்புள்ள மெயில்கள் வரிசையாக வரும்.

அவசரப்பட்டு மொத்தமாக நீக்காதீர்கள். வீடு வாங்கியபோது தரகர் அனுப்பிய 18 எம்பி படங்களும் பத்திர நகலும் ஒரே உரையாடலில் இருக்கலாம். பட்டியலில் டிக் செய்து நீக்கினால் இரண்டுமே போய்விடும். உரையாடலைத் திறந்து, அந்த ஒரு மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் நீக்குங்கள். பத்திரத்தைக் கணினியில் இறக்கி, திறந்து பாருங்கள். டிரைவில் வைத்தால் இடம் மிச்சமாகாது.

நீக்கியவை குப்பைப்பெட்டியில் 30 நாள் இருக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் உடனே கிடைக்கும். பிறகு மீட்க முடியாது.